முந்திப் போட்டா வியூஸ் வரும், ஆனா ஆள் நிக்குமா?

2025 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை இரவு. திருகோணமலைக் கடற்கரையோரம் இருக்கிற ஸ்ரீ சம்புத்த ஜயந்தி போதிராஜ விகாரை வளவில் வைக்கப்பட்ட புத்தர் சிலையை பொலிஸார் அகற்றினார்கள். தள்ளுமுள்ளு நடந்தது. கொஞ்ச நேரத்திலேயே ஊரில் இருக்கிற எல்லா போனிலும் அந்தக் காட்சிதான் ஓடிச்சு. நாங்கள் நாலு பேர், கலைப்பீடத்தில் படிக்கிறவங்க, ஒரு சின்ன யூடியூப் சானல் வச்சிருக்கிறம். ஊர் விஷயங்களைப் பற்றி எட்டு, பத்து நிமிஷம் கதைச்சு வீடியோ போடுவம். அண்டைக்கு இரவு நித்திரை கொள்ளாம இருந்து, விடியப்புறம் ஒரு மணி போல ஒரு வீடியோவைப் போட்டுட்டுப் படுத்தம். தலைப்பில் "அகற்றப்பட்டது" என்ற சொல் பெரிசா இருந்துச்சு.

அடுத்த நாள் பாராளுமன்றத்தில் பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சர் ஆனந்த விஜேபால, சிலையின் பாதுகாப்புக்காகத்தான் அது எடுக்கப்பட்டது, திரும்பவும் அதே இடத்தில் வைக்கப்படும் என்று சொன்னார். அன்றைக்கே திரும்ப வைக்கப்பட்டது. எங்கட தலைப்பு ஒரு பகல் கூட உண்மையா இருக்கல.

பிறகு 20ஆம் தேதி பின்னேரம் இரண்டாவது வீடியோ போட்டம். கடலோரக் காணி யாருடைய பொறுப்பில் வருது, கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அதில் என்ன வேலை, பொலிஸ் எந்த அடிப்படையில் போனது என்று ஆறுதலா விளக்கின வீடியோ அது. எங்களுக்கு அதுதான் பெருமை. ஆனா வியூஸ் எண்ணிக்கையில் முதல் வீடியோவுக்குக் கிட்டவும் வரல.

அண்டைக்குத் தொடங்கின சண்டை எங்களுக்குள்ள கனநாள் ஓடிச்சு. ஒரு பக்கம் சொல்லுது: "பாத்தியா, முந்திப் போட்டதுதான் ஓடுது. இனி எல்லாத்தையும் மூண்டு மணித்தியாலத்துக்குள்ள போடுவம்." மற்றப் பக்கம் சொல்லுது: "ரிடென்ஷன் கிராஃபைப் பாரு. முந்திப் போட்டதில ஆக்கள் அரை நிமிஷத்தில ஓடிட்டாங்க. பிந்திப் போட்டதில தான் இருந்து பாத்திருக்கிறாங்க. வேகமா போட்டா ஆள் நிக்காது." ரெண்டு பேரும் ஒரே ஸ்டூடியோப் பக்கத்தைக் காட்டித்தான் கதைச்சாங்க. ரெண்டு பேருமே பாதிதான் சரி என்று இப்ப எங்களுக்குத் தெரியும். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுறம். எங்களை மாதிரி சானல் வச்சிருக்கிற, வைக்க யோசிக்கிற ஆக்கள் இதை வாசிக்கிறீங்க என்றும் தெரியும்.

ரெண்டு மணிக்கூடு

முதலில் வியூஸ் பக்கம். இதில் வேகம் என்ற கட்சி பெரும்பாலும் சரி. ஆனா எவ்வளவு வேகம், எந்த நேரத்து வேகம் என்பதில் எல்லாரும் பிழை விடுறம்.

2008இல் ரைலி கிரேன், டிடியே சோர்னெட் என்ற ரெண்டு பேர் கிட்டத்தட்ட 50 லட்சம் யூடியூப் வீடியோக்களின் நாளாந்த வியூஸை எடுத்து ஆராய்ஞ்சாங்க. கவனம் எப்படி ஏறி இறங்குது என்று காட்ட அவங்க எடுத்த உதாரணம் எங்களுக்கு நெருக்கமானது: 2004 சுனாமிக்குப் பிறகு "சுனாமி" என்ற சொல்லை கூகுளில் உலகம் தேடின விதம். அதுக்கு முன்னுக்கு ஏற்றமே இல்லை. திடீரென்று உச்சம். பிறகு இறக்கம். அதுக்குப் பக்கத்தில் ஹாரி பாட்டர் படத்துக்கான தேடலை வச்சாங்க. அது மெதுவா ஏறி மெதுவா இறங்குது, ஏனென்றா ஆள் ஆளாச் சொல்லிப் பரவுது. செய்தி என்பது சுனாமி வகை. வெளியில் இருந்து வந்து விழுகிற அடி.

அந்த இறக்கத்தின் வடிவம்தான் முக்கியம். அது நேர்கோடா இறங்காது. முதல் மணித்தியாலங்களில் சடாரென்று விழும், பிறகு நீண்ட வால் மாதிரி மெல்ல மெல்லக் குறையும். இதை விளங்கிக்கொள்ள ஒரு வட்டக் கணக்குப் போட்டுப் பாப்பம். ஒரு செய்தி மேல இருக்கிற ஆர்வம், நடந்து எத்தனை மணித்தியாலமோ அந்த எண்ணால் வகுபட்டுக் குறையுது என்று வைப்பம். ரெண்டாம் மணித்தியாலத்தில் பாதி, நாலாம் மணித்தியாலத்தில் கால். இது உதாரணத்துக்கு மட்டும்தான், உண்மையில் செய்திக்குச் செய்தி மாறும். இப்படிக் குறைஞ்சா ஒரு வேடிக்கை நடக்கும்: 3ஆம் மணித்தியாலத்தில் இருந்து 6 வரைக்கும் வாற மொத்த ஆர்வமும், 6இல் இருந்து 12 வரைக்கும் வாறதும், 12 தொடக்கம் 24 வரைக்கும், 24 தொடக்கம் 48 வரைக்கும், 48 தொடக்கம் 96 வரைக்கும் வாறதும் ஒரே அளவு. அஞ்சு பங்கு.

அப்ப 3ஆம் மணித்தியாலத்தில் வீடியோ போட்டவர் நாலு நாளுக்குள்ள அஞ்சு பங்கையும் பிடிக்கலாம். அதை 100 என்று வைப்பம். 12ஆம் மணித்தியாலத்தில் போட்டவருக்கு 60. ஒரு நாள் கழிச்சுப் போட்டவருக்கு 40. ரெண்டு நாள் கழிச்சா 20. பாருங்க, முதல் ஒன்பது மணித்தியாலம் பிந்தினதுக்கு 40 போச்சு. பிறகு ஒரு முழு நாள், அதாவது 24இல் இருந்து 48க்குப் போக, 20தான் போகுது.

இதில் இருந்து ஒரு நடைமுறை விஷயம் வருது. முதல் சில மணித்தியாலத்தைத் தவற விட்டுட்டீங்க என்றா, அதுக்குப் பிறகு அவசரப்படுறதில் பெரிய லாபம் இல்லை. 30ஆம் மணித்தியாலத்தில் இருந்து கொண்டு, "இண்டைக்கு இரவே போட்டுடணும்" என்று ஓடி ஓடி எடிட் பண்ணி, உண்மையைச் சரிபார்க்காம விடுறது மிக மோசமான வியாபாரம். நாங்கள் அப்படி எத்தனையோ தரம் செஞ்சிருக்கிறம். வேகத்தின் பலனும் கிடைக்கல, ஆறுதலின் பலனும் கிடைக்கல.

ஆனா மேல சொன்ன கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கு. அது செய்தி ஒரே ஒரு தரம்தான் நடக்குது என்று நினைக்குது. எங்கட ஊர்ச் செய்தி அப்படியா நடந்துச்சு? 16 இரவு அகற்றினது ஒரு அடி. 17 பாராளுமன்ற அறிவிப்பும் திரும்ப வச்சதும் இன்னொரு அடி. இரண்டாவது அடி விழுந்த உடன செய்தியின் மணிக்கூடு திரும்பவும் பூச்சியத்தில் இருந்து ஓடத் தொடங்குது. விடியப்புறம் ஒரு மணிக்குப் போட்ட எங்கட வீடியோ அந்த இரண்டாவது ஏற்றத்தில் பழசு. 17 பின்னேரம் ரெண்டு தகவலையும் சேர்த்துப் போட்டிருக்கக் கூடிய ஒருத்தர், முதல் அடியில் இருந்து எண்ணினா பதினைஞ்சு மணித்தியாலத்துக்கு மேல பிந்தினவர். இரண்டாவது அடியில் இருந்து எண்ணினா அவர்தான் முந்தினவர்.

அதனால் ரெண்டு மணிக்கூடு வச்சிருக்கணும். ஒன்று செய்தியின் மணிக்கூடு: கடைசியா உறுதியான புதுத் தகவல் வந்து எவ்வளவு நேரம். மற்றது வீடியோவின் மணிக்கூடு: போட்டு எவ்வளவு நேரம். யூடியூப் ஸ்டூடியோ இரண்டாவதைத்தான் காட்டும். முதல் 24 மணித்தியாலத்தில் இந்த வீடியோ உங்கட கடைசிப் பத்தில் எத்தனையாவது என்று அது வரிசைப்படுத்தும்போது, செய்தி நடந்து மூன்று மணியில் போட்டதையும் மூன்று நாளில் போட்டதையும் ஒரே தராசில் வைக்குது. முதல் மணிக்கூட்டை நாங்களேதான் ஒரு தாளில் எழுதி வைக்கணும்.

இன்னொன்றும் சொல்லணும். எங்கட இரண்டாவது வீடியோவுக்கு வந்திருக்க வேண்டிய நீண்ட வாலும் வெட்டுப்பட்டுப் போச்சு. நவம்பர் 28 டித்வா புயல் கிழக்குக் கரையைத் தொட்டது. அதுக்குப் பிறகு இந்த ஊரில் யாருக்கும் காணிச் சட்டம் பார்க்கிற மனநிலை இருக்கல, எங்களுக்கும் இருக்கல. பிந்திப் போட்டதால்தான் வியூஸ் குறைஞ்சது என்று அந்த ஒரு வீடியோவை வச்சு முடிவு கட்டினா, புயலையும் எங்கட தாமதத்தின் கணக்கிலேயே எழுதிடுவம்.

ஆள் போறது எதால?

இனி இரண்டாவது கட்சி. "வேகமா போட்டா ஆள் நிக்காது." இது கேட்க நல்லா இருக்கு, ஒரு ஒழுக்க நியாயம் மாதிரியும் இருக்கு. ஆனா எங்கட கிராஃப் அதைச் சொல்லல.

முதலில் அந்தக் கிராஃப் என்ன காட்டுது என்று பாப்பம். வீடியோவின் ஒவ்வொரு செக்கனிலும் எத்தனை வீதம் ஆக்கள் இன்னும் பார்த்துக்கொண்டு இருக்கிறாங்க என்ற கோடு அது. தொடக்கத்தில் எல்லா வீடியோவிலும் ஒரு செங்குத்தான விழுக்காடு இருக்கும். 30ஆம் செக்கனில் எத்தனை வீதம் மிஞ்சினது என்பதை ஸ்டூடியோ தனியா எடுத்துச் சொல்லும். எங்கட முந்தின வீடியோவில் அந்த வீதம் குறைவு, பிந்தினதில் கூட. இதைத்தான் எங்கட கூட்டாளி சண்டைக்குக் காட்டினார்.

ஆனா அந்த வீதம் யாருடைய வீதம்? எங்கட சொந்த எண்ணிக்கை சின்னது, அதோட புள்ளி கிள்ளி எல்லாம் வந்து குழப்பும். அதனால் இங்கேயும் வட்ட எண்ணிலேயே சொல்லுறம்.

பிந்தின வீடியோவுக்கு 600 வியூஸ் என்று வைப்பம். அதில் 450 எங்கட சந்தாதாரர்கள், 150 எங்களைத் தெரியாத ஆக்கள். தெரிஞ்சவங்க 100க்கு 70 பேர் அரை நிமிஷம் தாண்டி நிக்கிறாங்க, தெரியாதவங்க 100க்கு 40 பேர். அப்ப 315உம் 60உம், மொத்தம் 375 பேர். 600இல் 375 என்றா 62.5 வீதம்.

முந்தின வீடியோவுக்கு 3,000 வியூஸ். அதில் 600 சந்தாதாரர்கள், 2,400 தெரியாதவங்க. இதில் ரெண்டு கூட்டமுமே நல்லா நிண்டாங்க என்று வைப்பம்: தெரிஞ்சவங்க 100க்கு 75, தெரியாதவங்க 100க்கு 45. அப்ப 450உம் 1,080உம், மொத்தம் 1,530 பேர். 3,000இல் 1,530 என்றா 51 வீதம்.

விளங்குதா? முந்தின வீடியோ ரெண்டு கூட்டத்தையும் தனித்தனியே எடுத்தா நல்லாப் பிடிச்சு வச்சிருக்கு. ஆனா மொத்த வீதம் 62.5க்கு எதிரா 51 என்று தோத்த மாதிரிக் காட்டுது. காரணம், வேகம் தெரியாத ஆக்களைக் கூடுதலாக் கூட்டிக்கொண்டு வந்துச்சு. தெரியாத ஆள் எந்த வீடியோவிலும் சீக்கிரம் எழும்பிப் போவார். கடைக்கு முன்னால நிண்டு எட்டிப் பாத்திட்டுப் போறவரையும் உள்ளுக்கு வந்து இருந்தவரையும் சேர்த்து எண்ணினா, ரோட்டோரக் கடையில் "வாங்காம போற ஆக்கள்" கூடத்தான் செய்யும். அதுக்காக அந்தக் கடையில் சாமான் கூடாது என்று சொல்ல ஏலுமா? கணக்கின்படி நிண்ட ஆக்களின் தொகையைப் பாருங்க: ஒரு பக்கம் 1,530, மறு பக்கம் 375.

அதனால் ரிடென்ஷனை ஒப்பிடப் போறீங்க என்றா மொத்தக் கோட்டை ஒப்பிடாதீங்க. சந்தாதாரர்களைச் சந்தாதாரர்களோட, தெரியாதவங்களைத் தெரியாதவங்களோட வச்சுப் பாருங்க. ஸ்டூடியோவில் Traffic source என்ற இடத்தில் ஆக்கள் எங்க இருந்து வந்தாங்க என்றும் பிரிச்சுக் காட்டும்: தேடி வந்தவங்க, முகப்பில் கண்டு அமத்தினவங்க, வேறொரு வீடியோவின் பக்கத்தில் கண்டு வந்தவங்க, வாட்ஸ்அப் மாதிரி வெளியில் இருந்து வந்தவங்க. எங்கட முந்தின வீடியோவுக்கு வெளியில் இருந்து வந்தவங்கதான் கூட. குரூப்புகளில் ஓடித் திரிஞ்ச லிங்க் அது.

இப்படிப் பிரிச்சுப் பார்த்த பிறகும் ஒரு வித்தியாசம் மிச்சம் இருந்துச்சு. அதுதான் எங்களுக்கு உண்மையிலே பாடம் சொல்லித் தந்தது.

முந்தின வீடியோவின் கோட்டில் முதல் அரை நிமிஷத்துக்குப் பிறகு இன்னொரு பள்ளம் இருந்துச்சு, ரெண்டாவது நிமிஷத்துக்குக் கிட்ட. அந்த இடத்தில் நாங்கள் என்ன சொல்லிக்கொண்டு இருந்தம் என்று போட்டுப் பாத்தம். "என்ன நடந்தது" என்ற கதை அதோட முடியுது. அதுக்குப் பிறகு நாங்கள் எங்கட கருத்தைச் சொல்லத் தொடங்கிறம். இரவு ஒரு மணிக்கு வந்த ஆளுக்குத் தேவை ஒரே ஒரு கேள்விக்குப் பதில்: என்ன நடந்தது? பதில் கிடைச்சுது, போயிட்டார். அதில் எங்களுக்குக் கோபப்பட ஒன்றுமில்லை. அவர் வந்த வேலை முடிஞ்சுது.

பிந்தின வீடியோவின் பள்ளம் வேற இடத்தில். முதல் நாற்பது செக்கனுக்குள்ள தெரியாதவங்கள் கொத்தாப் போயிருக்கிறாங்க. அந்த நாற்பது செக்கனில் நாங்கள் என்ன செஞ்சம் என்றா, "16ஆம் தேதி இரவு என்ன நடந்தது என்றால்" என்று முழுக் கதையையும் திரும்பச் சொன்னம். நாலு நாள் கழிச்சு வாற ஆளுக்கு என்ன நடந்தது என்று தெரியும். அவர் "ஏன்" என்று கேட்டுக்கொண்டு வந்தவர். தெரிஞ்ச கதையையே திரும்பக் கேட்டதும் எழும்பிட்டார். காணிச் சட்டம் தொடங்கின இடத்துக்குப் பிறகு கோடு கிட்டத்தட்டப் படுத்தே கிடந்துச்சு. அதாவது அங்க வந்து சேர்ந்தவங்கள் கடைசி வரைக்கும் பாத்திருக்கிறாங்க.

எங்கட கருத்து இதுதான்: ஆள் விட்டுட்டுப் போறதுக்குக் காரணம் வேகமும் இல்லை, தாமதமும் இல்லை. வீடியோ எந்த மணியில் வெளிவருதோ அந்த மணியில் பாக்கிற ஆளுக்கு இருக்கிற கேள்வியும் எங்கட தொடக்கமும் பொருந்தாததுதான் காரணம். மூன்றாம் மணித்தியாலத்தில் வரலாற்றில் இருந்து தொடங்கினா ஆள் போவார். மூன்றாம் நாளில் சம்பவத்தில் இருந்து தொடங்கினாலும் போவார். ஒரே வசனம் ஒரு நேரத்தில் ஆளைப் பிடிச்சு வைக்கும், இன்னொரு நேரத்தில் துரத்தும்.

இதாலதான் முந்திப் போட்ட வீடியோவுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கு. அது போட்ட அன்றைக்கு மட்டும் பாக்கப்படுறதில்லை. எங்கட முதல் வீடியோவை ஒரு கிழமை கழிச்சும் ஆக்கள் பாத்தாங்க. நாள்வாரியா சராசரிப் பார்வை நேரத்தைப் பார்த்தா 17ஆம் தேதிக்குப் பிறகு அது இறங்குது. வீடியோ மாறல, உலகம் மாறிட்டுது. "அகற்றப்பட்டது" என்று நாங்கள் அடிச்சுச் சொல்லுற இடத்தில், திரும்ப வச்சது தெரிஞ்ச ஆள் "இவங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று போறார். யூடியூபில் ஒரு வீடியோவைப் போட்ட பிறகு அதே லிங்கில் வேற கோப்பை மாத்தி வைக்க ஏலாது. தலைப்பை மாத்தலாம், விளக்கத்தில் எழுதலாம், கருத்துப் பகுதியில் மேல பொருத்தி வைக்கலாம், ஒரு துண்டை வெட்டி எடுக்கலாம். அவ்வளவுதான். நாங்கள் தலைப்பை மாத்தினது 18 காலையில். அதுக்குள்ள அது எத்தனை குரூப்பில் பழைய தலைப்போட ஓடிச்சோ.

எங்கட ஊரில் அதுக்கு இன்னொரு விலை

இது கொழும்பில் இருந்து கிரிக்கெட் பற்றிக் கதைக்கிற சானல் என்றா இவ்வளவோட விட்டிருப்பம். ஆனா திருகோணமலையில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று பேரும் ஒரே சந்தையில் மீன் வாங்கிறம். எங்கட வீடியோவின் கீழே ரெண்டாம் நாள் வந்த கருத்துகளை எங்களால் முழுசா வாசிக்க முடியல. எங்கட கூட்டாளி ஒருத்தியின் அம்மா கடலோரத்தில் சின்னக் கடை வச்சிருக்கிறா. அவ போன் எடுத்து, "பிள்ளைகள், நீங்கள் சொன்னது பிழை என்று நான் சொல்லேல்ல. ஆனா நாளைக்குக் காலமை கடை திறக்கப் போறது நான்தான்" என்று சொன்னா. அதுக்கு எங்களிட்ட மறுமொழி இருக்கல.

அந்த நேரத்தில் நாங்கள் வச்சிருந்தது பாதித் தகவல். பாதித் தகவலுக்கு மேல முழுக் கருத்துச் சொன்னதுதான் பிழை. வேகமா தகவல் சொல்லுறது ஒன்று, வேகமா தீர்ப்புச் சொல்லுறது இன்னொன்று. கிராஃபும் அதையேதான் சொல்லுது: இரவு ஒரு மணிக்கு வந்த ஆள் எங்கட தீர்ப்பைக் கேக்க நிக்கல. அவர் போன பிறகு நாங்கள் ஆறு நிமிஷம் யாருக்குக் கதைச்சம்? கோபப்பட ஏற்கனவே தயாரா இருந்தவங்களுக்கு மட்டும்.

எதிர்ப்பக்கமா ஒரு உதாரணம் சொல்லணும். சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள். பிரித்தானியர் காலத்து 99 தாங்கிகள் அங்க இருக்கு. 2022 ஜனவரி 6 கைச்சாத்தான உடன்படிக்கைப்படி 14 தாங்கி லங்கா ஐஓசிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 ரெண்டு பேரும் சேர்ந்த கம்பனிக்கு. அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், ஐஓசிக்கு 49 வீதம். பிறகு 2025 ஏப்ரல் 5 இந்தியப் பிரதமர் மோடி வந்திருந்தபோது, திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் சேர்ந்து ஒரு புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்திட்டாங்க. இந்த விஷயத்தில் செய்தி வருஷக்கணக்கில் இடைவெளி விட்டு விட்டு வருது. ஒவ்வொரு தரமும் ஆக்கள் கேக்கிற கேள்வி ஒன்றுதான்: இந்தத் தாங்கி யாருடையது? 14, 24, 61 என்று ஒழுங்கா விளக்கின ஒரு வீடியோ 2022இல் போட்டிருந்தா 2025 ஏப்ரலில் அதுதான் முதல் மணித்தியாலத்திலேயே தயாரா இருந்த வீடியோ. நாங்கள் அப்படி ஒன்று வச்சிருக்கல. உடன்படிக்கைச் செய்தி வந்த பிறகு ஓடித் தேடினம். சில விஷயத்தில் வேகம் என்பது செய்திக்கு முந்தியே வேலையை முடிச்சு வைக்கிறது.

இப்ப நாங்கள் செய்யிறது

ஒரு தாளில் ஒவ்வொரு வீடியோவுக்கும் இதை எழுதிறம்: கடைசி உறுதியான தகவல் வந்த நேரம், நாங்கள் போட்ட நேரம், வீடியோவின் நீளம், முதல் புதுத் தகவல் எத்தனையாவது செக்கனில் வருது, தெரியாதவங்களில் 30ஆம் செக்கனில் மிஞ்சின வீதம், ஏழாம் நாள் வியூஸ், 28ஆம் நாள் வியூஸ். ரெண்டு வீடியோவை ஒப்பிடும்போது ஒரே வயசில் ஒப்பிடுறம், ஏழாம் நாளை ஏழாம் நாளோட. செய்தி எவ்வளவு பெரிசு என்று அறிய கூகுள் ட்ரெண்ட்ஸில் இலங்கையைத் தெரிவு செஞ்சு, யூடியூப் தேடலை மட்டும் எடுத்துப் பாக்கிறம். பெரிய செய்திக்குத்தான் எல்லாரும் ஓடி ஓடி முந்திப் போடுறது. அதனால் முந்தின வீடியோ நல்லா ஓடினதுக்குப் பாதிக் காரணம் செய்தியின் பருமனாவும் இருக்கலாம். சின்னச் செய்தியை முந்திப் போட்டு ஒருத்தரும் பாக்காத வீடியோக்கள் எங்களிட்ட நிறைய இருக்கு, அதை யாரும் சண்டைக்கு உதாரணமா எடுக்கிறதில்லை.

சின்ன எண்ணிக்கையில் அவசரப்பட்டு முடிவு எடுக்கிறதில்லை என்றும் ஒரு விதி வச்சிருக்கிறம். 100 பேர் மட்டும் பார்த்த வீடியோவில் 60 வீதம் என்றா உண்மையான அளவு 50 ஆகவும் இருக்கலாம், 70 ஆகவும் இருக்கலாம். அந்த அளவில் 60உம் 53உம் ஒன்றுதான். சின்னச் சானல்காரர் பல பேர் இந்த ஏழு வீதத்தை வச்சுத்தான் நித்திரை கொள்ளாம இருக்கிறாங்க.

போடுற விதத்தையும் மாத்திட்டம். பெரிய சம்பவம் நடந்த இரவில் ஒரு நிமிஷத்துக்குக் குறைஞ்ச ஒரு ஷார்ட்ஸ். அதில் தெரிஞ்சது என்ன, தெரியாதது என்ன என்று மட்டும். கருத்து ஒன்றும் இல்லை. பெரிய வீடியோ, இரண்டாவது உறுதியான தகவல் வந்த பிறகு. அது சம்பவத்தில் இருந்து தொடங்காது, "ஏன்" என்பதில் இருந்து தொடங்கும். ஷார்ட்ஸின் வியூஸைப் பெரிய வீடியோவின் வியூஸோட கூட்டிப் பார்க்கிறதும் இல்லை. 2025 மார்ச் 31இல் இருந்து ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ என்று யூடியூப் எண்ணுது, அது வேற அளவுகோல்.

இதால எங்களுக்கு வியூஸ் கூடினது என்று சொல்ல வரல. கணக்குப்படி சில செய்திகளில் நாங்கள் 100இல் 40ஐ விட்டுக் கொடுக்கிறம், அது தெரிஞ்சுதான் விடுறம். வேகக் கட்சிக்காரர் எங்களில் இன்னும் இருக்கிறார், ஒவ்வொரு தரமும் "இப்பவே போடுவமா?" என்று கேக்கிறார். அப்ப நாங்கள் தாளைத் திறந்து ஒரு கேள்வி கேக்கிறம்: இந்த மணியில் பாக்க வாற ஆளுக்கு என்ன தெரியணும், அது எங்களுக்கு உறுதியாத் தெரியுமா? தெரியும் என்றா உடன போடுறம். இல்லை என்றா படுத்துட்டு, காலமை அந்த அம்மா கடை திறந்த பிறகு எழும்புறம்.